மாமாவின் கார், தெரு நாய், நாளுக்கு எட்டு யூனிட்

என் அத்தை வீட்டுக்காரர் பிரான்சில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வுக்குப் பின் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கே வந்துவிட்டார். ஆனால் பிள்ளைகள் அங்கேயே இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வருவார். போன மே மாதம் அப்படிக் கிளம்பும்போது புது டெஸ்லா மாடல் ஒய்யின் சாவி அட்டையை என் கையில் கொடுத்து, "தம்பி, தினம் ஒரு தடவை எட்டிப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இன்வெர்ட்டர், சோலார் வேலை செய்கிறவன், மாமா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறேன். அதனால் அது எனக்கு வந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரி 82%. வெள்ளிக்கிழமை காலை 24%. நடுவில் வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. அன்றைக்கு பிரான்சில் விடியற்காலை நாலரை மணி, அந்த நேரத்தில் மாமா போன் போட்டு, "யாராவது கரண்ட் திருடறானாடா?" என்று கேட்டார்.

கேள்வி அபத்தமாகத் தோன்றலாம், கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது. இந்த வண்டியின் பேட்டரியைச் சுமாராக 60 கிலோவாட் மணி என்று வைத்துக்கொண்டால் ஒரு சதவீதம் 0.6 யூனிட். 58% என்பது கிட்டத்தட்ட 35 யூனிட். நாலரை நாளுக்கு 35 யூனிட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய எட்டு. என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் சாப்பிடுகிறது. நின்றுகொண்டிருக்கும் கார் எட்டு ஃப்ரிட்ஜ் அளவுக்குத் தின்றிருக்கிறது! இப்படி நின்றபடியே சார்ஜ் வடிவதைத்தான் வாம்பயர் ட்ரெய்ன் என்கிறார்கள், ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கிற காட்டேரி மாதிரி. இங்கே காட்டேரி பகலிலும் குடித்திருந்தது.

முதலில் எல்லோரும் ஏசியைத்தான் சொன்னார்கள். வண்டியில் `Cabin Overheat Protection` என்று ஒரு வசதி உண்டு. நிறுத்திய வண்டி வெயிலில் கொதித்தால் உள்ளே வெப்பம் ஒரு அளவைத் தாண்டாமல் அதுவே ஏசியையோ வெறும் ஃபேனையோ ஓட்டும். மாமா அதை ஏசியோடு, 40 டிகிரிக்கு வைத்திருந்தார். அக்னி நட்சத்திரம், புதுச்சேரி வெயில், மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை, அப்புறம் என்ன, இதுதான் என்று நானும் நம்பிவிட்டேன். ஆனால் கையேட்டைப் படித்தபோது ஒரு வரி உதைத்தது. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து 12 மணி நேரம் வரைதான் அது வேலை செய்யும், அல்லது பேட்டரி 20% ஆகும்வரை, எது முந்தியோ அது. மாமா இறங்கியது ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. திங்கள் காலை ஆறு மணியோடு கதை முடிந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே அந்த வசதி தூங்கப் போயிருக்க வேண்டும். அப்படியானால் ஐந்து நாளும் ஏசி ஓடியது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, அப்போது சென்ட்ரி. `Sentry Mode` என்பது நிறுத்திய வண்டியைச் சுற்றியிருக்கும் கேமராக்கள் விழித்திருந்து காவல் காப்பது. யாராவது நெருங்கி வந்தால் பதிவு செய்யும், கண்ணாடியை உடைத்தால் அலறும். மாமாவிடம் கேட்டால் "வீட்டுல அது ஓடாதுடா, நான் வீட்டை விலக்கி வச்சிருக்கேன்" என்று அடித்துச் சொன்னார். உண்மைதான், `Exclude Home` என்பதில் டிக் இருந்தது. இருந்தும் சென்ட்ரி விழித்திருப்பதைக் காட்டும் சிவப்புக் கண் வண்டித் திரையில் எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் முழித்துவிட்டுத்தான் மேப்பில் வீடு எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். லாஸ்பேட்டை! வண்டி வாங்கிய புதிதில் முத்தியால்பேட்டை வீட்டில் வெள்ளையடிப்பு வேலை நடந்தபோது தங்கை வீட்டில் இருந்திருக்கிறார், அப்போது போட்ட குறி. வண்டியைப் பொறுத்தவரை முத்தியால்பேட்டை யாரோ ஒருவருடைய தெரு. அதனால் அது கடமை தவறாமல் காவல் காத்திருக்கிறது. உங்கள் வண்டியில் இந்த விலக்கு வேலை செய்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் டிக்கைப் பார்த்து நம்பாதீர்கள். பூட்டிவிட்டு இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணாடி வழியே திரையில் சிவப்புக் கண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையுறைப் பெட்டியில் இருந்த பென் டிரைவை எடுத்துக் கணினியில் போட்டேன். `TeslaCam` அடைவுக்குள் `SentryClips`, அதற்குள் நிகழ்வுக்கு ஒன்றாக அடைவுகள். ஒவ்வொன்றிலும் `event.json` என்று ஒரு சின்னக் கோப்பு, ஏன் பதிவு செய்தேன் என்று வண்டி எழுதிவைக்கும் காரணம் அதில் இருக்கும்.

```
"reason": "sentry_aware_object_detection"
```

ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே வரி. அதாவது ஏதோ ஒரு உருவம் பக்கத்தில் வந்தது. ஐந்து நாளில் இருநூற்றுச் சொச்சம். பார்க்கப் பார்க்க எங்கள் தெருவின் சரித்திரமே அதில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா கோலம் போட உட்காருவது, பால்காரர், மீன்கார அம்மா கூடையைப் பானட் ஓரமாக இறக்கிவைத்து மூச்சு வாங்குவது, பின்வீட்டுத் தாத்தா பல் தேய்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவது (தினமும்), அப்புறம் ஒரு செம்மண் நிற நாய். அந்த நாய்க்கு வண்டியின் அடியில்தான் படுக்கை. அடியில் படுத்திருக்கும்போது கேமராவுக்குத் தெரியாது, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மட்டும் ஒவ்வொரு நிகழ்வு. திருடன் என்று ஒருவன் கிடையாது.

இந்த இருநூறு பதிவைப் பார்த்ததும், நாயை விரட்டினால் சார்ஜ் மிச்சமாகும் என்று அத்தை முடிவுக்கு வந்தார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பதிவு செய்வதில் போகும் மின்சாரம் அற்பம். காசு போவது காத்திருப்பதில். கேமராப் படத்தைப் பார்த்து எது மனிதன், எது மரம் என்று முடிவு செய்ய வண்டியின் பெரிய கணினி முழு நேரமும் விழித்திருக்க வேண்டும். அது விழித்திருந்தால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் சுவிட்சுகளும் மூடியபடியே இருந்து, உயர் மின்னழுத்தத்தைக் கீழிறக்கிக் கொடுக்கும் டிசி-டிசி மாற்றியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 200 முதல் 300 வாட். ஆளே இல்லாத தெருவில் நிறுத்தினாலும் அதே செலவுதான். 250 வாட் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு ஆறு யூனிட், அதாவது 10%.

இதை அளந்து பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. வாசல் தூணில் இருக்கும் சார்ஜருக்கு நான் ஏற்கெனவே ஒரு சப் மீட்டர் போட்டிருந்தேன். வீட்டை இன்னும் சரியாகக் குறிக்காமல், சென்ட்ரியை மட்டும் விட்டு, ஓவர்ஹீட்டை அணைத்து, மாமாவிடம் "நாளைக்கு வரைக்கும் செயலியைத் திறக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு 24 மணி நேரம் வண்டியைத் தொடாமல் விட்டேன். சரியாக 10% இறங்கியிருந்தது. திரும்ப அதே அளவுக்கு ஏற்றியபோது மீட்டர் 6.8 யூனிட் காட்டியது. ஆறு யூனிட்டைத் திரும்ப ஊற்ற ஆறே முக்காலுக்கு மேல், நடுவில் போவது சார்ஜிங் நஷ்டம். ஆகவே உங்கள் மின்கட்டணத்தில் விழுவது திரையில் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

மீட்டர் வைத்து அளந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி பேட்டரி. அந்த வகையில் சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தம் வெகுதூரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று கணிப்பது வண்டிக்கே சிரமம். அடிக்கடி நூறு வரை ஏற்றாவிட்டால் கணிப்பு பிசகும். அப்புறம் ஒரு நாள் திடீரென்று இரண்டு சதவீதம் காணாமல் போனதாகக் காட்டும். அது போன மின்சாரம் இல்லை, திருத்திக்கொண்ட கணக்கு. அதனால் ஒரு ராத்திரியில் இரண்டு சதவீதம் குறைந்தது என்று பதறக் கூடாது. குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் மூன்று நாள் விட்டுப் பார்க்க வேண்டும். டெஸ்லாவும் இந்த வகைப் பேட்டரியை வாரம் ஒரு தடவை நூறு வரை ஏற்றச் சொல்கிறது.

இப்போது பழைய கணக்குக்கு வருவோம். நாளுக்கு 10% என்றால் நாலரை நாளுக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும் 46%. போனது 58%. மிச்சம் 12% எங்கே?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது, கண்டுபிடித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த 12 நான்தான். மாமா சொன்ன மாதிரி தினம் காலை எட்டு மணிக்குப் போய், அட்டையைத் தட்டி, கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, திரையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இறங்கிப் பூட்டிவிட்டு வந்தேன். இறங்கியதிலிருந்து 12 மணி நேரம் என்றுதானே விதி? ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு நான் அந்தக் கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுத்திருக்கிறேன். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, வெயில் முழுக்க, ஆளில்லாத வண்டிக்குள் ஏசி விட்டு விட்டு ஓடியிருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க, கோழிமுட்டைப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் வாங்குவார்களே, அதிகபட்ச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதில் ஒன்றை வெயில் நேராகப் படாதபடி பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் வைத்தேன். வெளியிலிருந்து கண்ணாடி வழியே படிக்கலாம், கதவைத் திறக்க வேண்டாம். சென்ட்ரியை அணைத்தாகிவிட்டது, ஓவர்ஹீட் மட்டும் 40-இல். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கிவிட்டு மறுநாள் முழுக்கத் தொடவில்லை. அதிகபட்சம் 53 டிகிரி. அதாவது காப்பு வேலையே செய்யவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து இறங்கினேன், அதே மாதிரி வெயில், அதிகபட்சம் 41. பேட்டரியில் 3% குறைவு. நாலு நாளுக்கு நாலு மூன்று பன்னிரண்டு, கணக்கு நேர். திரையில் எனர்ஜி செயலிக்குள் பார்க் என்ற பக்கம் இருக்கிறது, நின்றபோது எது எவ்வளவு தின்றது என்று அதுவே பிரித்துச் சொல்லும். முதலிலேயே அதைப் பார்த்திருந்தால் இந்தத் தெர்மாமீட்டர் கூத்தெல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அது சொன்னதும் நான் அளந்ததும் ஒத்துப்போனதில் ஒரு திருப்தி.

ஆர்வம் தாங்காமல் ஒரு நாள் 30 டிகிரிக்கு வைத்தும் பார்த்தேன். இங்கே மே மாதத்தில் தெருவே 36, 37 இருக்கும்போது 30 என்றால் ஏசி ஓயவே ஓயாது. 8% போனது. ஏசி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடும் `No A/C` வைத்தபோது ஒரு சதவீதம்தான் போனது, உள்ளே 46 வரை ஏறியது. ஃபேன் வெளிக்காற்றைத்தானே உள்ளே தள்ளும், வெளியே இருப்பதைவிடக் குளிர்விக்க அதால் முடியாது. முன்கண்ணாடிக்கும் கூரைக்கும் வெயில் மறைப்புத் துணி கட்டி அதே ஃபேனை ஓட்டியபோது 43. மதியம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால் வெளிக்காற்றே கொஞ்சம் தணிந்துவிடுகிறது, கடலோர ஊருக்கு இந்த ஃபேன் அமைப்பு பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது. உள்நாட்டில் வேலூர் மாதிரி ஊரில் இதே பலன் கிடைக்காது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். திரையும் மின்னணுப் பொருட்களும் வெந்துவிடும், அதற்காகத்தான் இந்தக் காப்பு என்று மாமா நம்பிக்கொண்டிருந்தார். நிறுத்திய வண்டி வெயிலில் கிடக்கும் என்று தெரிந்துதான் அவற்றைச் செய்கிறார்கள். இது ஏறும்போது நமக்குச் சுடாமல் இருக்க. குழந்தையையோ நாயையோ உள்ளே விட்டுப் போக இதை நம்பவே கூடாது, 20% ஆனால் சொல்லாமல் நின்றுவிடும். ஆக, இரண்டு மணிக்குக் கடைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புகிறவருக்கு இது உதவும். மூன்று வாரம் யாரும் ஏறப்போகாத வண்டிக்கு எதற்கு?

எல்லாவற்றையும் அணைத்தேன். சென்ட்ரி இல்லை, ஓவர்ஹீட் இல்லை, கூப்பிட்டதும் நகர வண்டியைத் தயாராக வைத்திருக்கும் `Summon Standby` இருந்தது, அதையும் எடுத்தேன். நானும் கதவைத் திறப்பதில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 3% காணோம்.

ஒன்றரை சதவீதம் நாளுக்கு. டெஸ்லா கையேடு சும்மா நிற்கும் வண்டிக்கு நாளுக்கு ஒரு சதவீதம் வரை போகலாம் என்கிறது, அந்த அளவுக்கு மேல். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். தூங்கும் வண்டி சுத்தமாக அமைதியாக இருக்கும். விழித்திருந்தால் பம்பு ஓடுகிற மாதிரி மெல்லிய முனகல் கேட்கும். பத்தரை மணிக்குப் பின்சீட்டு அடியிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். நாய்கூட அடியிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. கான்டாக்டர் மூடும் சத்தம் அது, பெரிய பேட்டரி இணைந்துவிட்டது, வண்டி எழுந்துவிட்டது. யாரும் பக்கத்தில் இல்லை. முனகல் இருபது நிமிஷம் போல ஓடி நின்றது. பதினொன்றே காலுக்கு மறுபடி டக்.

பிரான்சில் அப்போது இரவு ஏழே முக்கால். போன் போட்டேன்.

"மாமா, இப்ப வண்டியைப் பாத்தீங்களா?"

"சும்மா எத்தனை பர்சன்ட்னு பாத்தேன்டா. இறங்குதான்னு."

சார்ஜ் இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக அவர் திறந்த ஒவ்வொரு தடவையும் சார்ஜ் இறங்கியது. செயலி திறந்ததும் வண்டியை எழுப்பிக் கேட்கும், எழுந்தது திரும்பத் தூங்க நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க இருநூறு சொச்சம் வாட். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறார், ஒரு சதவீதத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. இதில் வேடிக்கை, சென்ட்ரி ஓடிய முதல் வாரத்தில் அவர் நூறு தடவை பார்த்திருந்தாலும் கூடுதல் செலவு கிடையாது, வண்டிதான் எப்படியும் விழித்திருந்ததே. பெரிய ஓட்டையை அடைத்த பிறகுதான் சின்ன ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தது. போனையே சாவியாக வைத்திருப்பவர்கள், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கமே வண்டி நிற்கிறது என்றால், இதையும் யோசித்துப் பாருங்கள். புளூடூத் எட்டும் தூரத்தில் போனோடு நடமாடினாலே வண்டி எழக்கூடும். என்னிடம் அட்டை மட்டும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பேசாமல் சார்ஜரில் செருகியே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கையேடும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எங்கள் தெருவில் வாசலில் சார்ஜர், ரோட்டில் வண்டி, நடுவில் நடைபாதை. நான் பக்கத்தில் நிற்கும்போது சரி, மூன்று வாரம் கேபிளைக் குறுக்கே போட்டு வைத்தால் பல் தேய்க்கும் தாத்தா தடுக்கி விழுவார்.

மாமாவின் பயத்துக்கும் பதில் வேண்டுமே, வண்டி தெருவில்தானே நிற்கிறது. வாசல் தூணில் ஒரு சாதாரண வைஃபை கேமராவை வண்டியைப் பார்த்தபடி மாட்டினேன். அளந்தால் ஆறு வாட், ஒரு நாளைக்கு 0.15 யூனிட்டுக்கும் கீழே. வீட்டு வைஃபை எப்படியும் ஓடுகிறது. கண்ணாடியை யாராவது உடைத்தால் வண்டி அலறாது, அது ஒரு இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு யூனிட்டுக்கு எதிராக இது போதும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக் குறியையும் லாஸ்பேட்டையிலிருந்து முத்தியால்பேட்டைக்கு மாற்றி, சென்ட்ரியைப் பொதுவாக ஆன் செய்து வீட்டை மட்டும் விலக்கினேன். கடற்கரைச் சாலையில் ஞாயிறு கூட்டத்தில் நிறுத்தினால் அது தானாக விழித்துக்கொள்ளும், வாசலுக்கு வந்தால் தூங்கும். மூன்று தடவை ஓட்டிப்போய்ச் சிவப்புக் கண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அன்றிலிருந்து மாமா வரும்வரை பதினாறு நாள். 80%-இல் விட்டது 75%-இல் நின்றது, நடுவில் யாரும் ஏற்றவில்லை. அவரும் வண்டியின் செயலியைத் திறக்கவில்லை, எதற்குத் திறக்க வேண்டும், இப்போது தெருவே தெரிகிறதே. கேமராச் செயலியை ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறார் போல. போன வாரம் அத்தையோடு காய்கறிக் கடையில் நின்றிருந்தபோது மாமாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தம்பி, அந்த நாய் ரெண்டு நாளா பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கீழ படுக்குதுடா, ஏன்னு பாரு."